கார்டு கையில இருக்கு சரி, அது உங்க கார்டுதானா?

போன வாரமும் ஒருத்தர் வந்துட்டாரு. தாராவி 90 அடி ரோடு பக்கம் வீடு, திருநெல்வேலிக்காரர், ரிட்டையர் ஆகிட்டாரு, பென்ஷன் எங்க கிளைக்குத்தான் வருது. அண்ணாச்சி கவுண்டர்ல வந்து கேட்டது என்னன்னா, "தம்பி, கார்டு கெட்டுப்போச்சு போல, பின் தப்புன்னே சொல்லுது, புதுசு ஒண்ணு போட்டுக் குடு."

கார்டை வாங்கிப் பார்த்தேன். எங்க பேங்க் கார்டுதான், அதே கலர், அதே டிசைன். ஆனா அதுல இருந்தது ஒரு பொம்பளை பேரு.

பாஸ்புக் என்ட்ரி போட்டுப் பார்த்தா வயிறு எரியுது. சனிக்கிழமை சாயங்காலம் 5,000 எடுத்திருக்காரு, அது அவரே எடுத்தது. அன்னைக்கு ராத்திரி 11:40க்கு ரெண்டு தடவையா சேர்த்து 20,000. பன்னெண்டு தாண்டினதும் இன்னொரு 25,000. ஞாயிறு காலையில ஒரு கடையில 38,000க்கு ஸ்வைப். மொத்தம் 83,000. அவர் கார்டுக்கு ஒரு நாளைக்கு ஏடிஎம் லிமிட் 25,000, அது தேதி மாறினா புதுசா ஆரம்பிக்கும், இது ஏடிஎம்ல கார்டை மாத்தித் திருடறவனுங்களுக்கு நல்லாவே தெரியும், அதனாலதான் நடுராத்திரிக்கு முன்னாடி ஒரு தடவை பின்னாடி ஒரு தடவை. கடையில ஸ்வைப் பண்ற லிமிட் தனி, ஏடிஎம்ல லிமிட் முடிஞ்சாலும் அது அப்படியே இருக்கும்.

என்ன நடந்துச்சுன்னு மெதுவா கேட்டேன். முதல் தடவை மெஷின் பணம் தரலையாம். பின்னாடி நின்ன பையன் தமிழ்ல, "அண்ணாச்சி, சிப்பு அழுக்கா இருக்கும், தொடச்சுப் போட்டா வரும்"னு சொல்லி கார்டை வாங்கி சட்டையில தொடச்சு சொருகிக் குடுத்திருக்கான். அவன் பக்கத்துலயே நிக்க இவர் பின் போட்டிருக்காரு, பணமும் வந்துடுச்சு. இவர் நோட்டை எண்ணிட்டு இருக்கும்போது அவனே கார்டை உருவி கையில குடுத்துட்டு, "வரேன் அண்ணாச்சி"ன்னு போயிட்டான். மும்பைல நம்ம ஊர் பேச்சு பேசுறானேன்னு நம்பினேன் தம்பின்னு சொன்னாரு, அதைக் கேட்டு எனக்கு அவர் மேல கோவம் வரலை.

பணம் வந்ததுதான் இதுல மோசமான விஷயம், ஏன்னா பணம் வந்துட்டா யாருக்கும் சந்தேகமே வராது. அவர் கைக்கு வந்த கார்டு அதுக்கு முன்னாடி ஏமாந்த யாரோ ஒரு அம்மாவோடது, அவங்க ப்ளாக் பண்ணிட்டாங்க, இனி அது செத்த கார்டு. இவரோட கார்டு ப்ளாக் ஆனதும் அது அடுத்தவர் கைக்குப் போகும்.

இப்போ என்னை ரொம்பப் படுத்துற விஷயத்துக்கு வரேன். "கார்டு என் கையிலதான இருக்கு, ஓடிபி யாருக்கும் சொல்லலையே, அப்போ பேங்க்காரன்தான் எடுத்திருக்கணும்"னு வந்து சண்டை போடுறாங்க. முதல்ல ஓடிபி. ஆன்லைன்ல வாங்கும்போதுதான் ஓடிபி கேட்பான், ஏடிஎம்ல கார்டும் பின்னும் இருந்தா போதும். எஸ்பிஐ 2020ல கொண்டு வந்தாங்க, அவங்க கார்டை அவங்க ஏடிஎம்லயே போட்டு 10,000க்கு மேல எடுத்தா ஓடிபி வரும்னு, ஆனா அது எல்லா பேங்க்லயும் எல்லா மெஷின்லயும் கிடையாது. யாருக்கும் ஓடிபி சொல்லாம இருந்தா பணம் பத்திரம்னு டிவி பார்த்து மனசுல பதிய வெச்சுக்கிட்டாங்க, போன் மோசடிக்கு அது சரி, இங்க அதுக்கு வேலையே இல்ல.

அடுத்தது "கார்டு என்கிட்ட இருக்கு". புகார் ஃபார்ம்ல கார்டு உங்க வசம் இருக்கான்னு ஒரு கேள்வி இருக்கும், எல்லாரும் ஆமான்னு டிக் போட்டுடறாங்க. அங்கேயே கேஸ் பாதி போச்சு. பேங்க் உள்ள பார்க்கறவங்களுக்கு மெஷின் பதிவுல தெரியறது என்ன? அசல் சிப்பு படிக்கப்பட்டிருக்கு, பின் முதல் தடவையே சரியா விழுந்திருக்கு, கஸ்டமரும் கார்டு என்கிட்டதான் இருக்குன்னு எழுதியிருக்காரு. அப்போ நீங்களே எடுத்தீங்கன்னு பதில் வரும், அவ்ளோதான். அதனால எழுதும்போதே தெளிவா எழுதுங்க: என் கார்டு இன்ன தேதி இன்ன நேரம் இன்ன ஏடிஎம்ல மாத்தப்பட்டது, என்கிட்ட இருக்கறது வேற ஒருத்தர் கார்டு, அதோட கடைசி நாலு நம்பர் இது, அந்த ஏடிஎம் கேமரா பதிவை அழிக்காம வெச்சுக் குடுங்க. அந்த ஏடிஎம் வேற பேங்க்கோடதுன்னா பதிவு அவங்ககிட்டதான் இருக்கும், அதையும் எழுதுங்க. ரொம்ப நாள் விட்டா பழைய பதிவு மேல புது பதிவு ஏறிடும்.

போன்ல ப்ளாக் பண்றதுலயும் இதே கூத்துதான். கையில இருக்கற கார்டைப் பார்த்து நம்பரைப் படிக்கறாங்க! அது உங்க கார்டே இல்லையே சாமி. கஸ்டமர் கேர்ல விவரம் ஒத்துப்போகலைம்பான், இந்தக் குழப்பத்துலயே நேரம் போயிடும். அக்கவுண்ட் நம்பரையும் பதிவு பண்ண மொபைல் நம்பரையும் சொல்லி, இந்த அக்கவுண்ட்ல இருக்கற எல்லா கார்டையும் ப்ளாக் பண்ணுங்கன்னு சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை ராத்திரியா இருந்தாலும் சொல்லலாம், கிளை திறக்கட்டும்னு காத்திருக்காதீங்க. புகார் நம்பரையும் நேரத்தையும் குறிச்சு வைங்க. அப்புறம் சைபர் மோசடி ஹெல்ப்லைன் 1930க்கும் அடிங்க.

நேரம் ஏன் முக்கியம்னா, 2017 ஜூலைல ரிசர்வ் பேங்க் போட்ட சுற்றறிக்கைப்படி நீங்க புகார் சொன்ன பிறகு போற பணம் பேங்க்கோட பொறுப்பு. அதுக்கு முன்னாடி போனது உங்க அஜாக்கிரதைன்னா நஷ்டம் உங்களோடது. பின் போடறதை ஒருத்தன் பக்கத்துல நின்னு பார்த்தான்னா பேங்க் அதைத்தான் சொல்லும், ஆனா அஜாக்கிரதைன்னு நிரூபிக்க வேண்டியது பேங்க்தான்னும் அதே சுற்றறிக்கை சொல்லுது. 30 நாள்ல பதில் வரலைன்னாலோ, வந்த பதில் திருப்தி இல்லைன்னாலோ cms.rbi.org.inல பேங்க் மேல வர்ற புகாரை விசாரிக்கற ரிசர்வ் பேங்க் ஓம்பட்ஸ்மனுக்குப் போடலாம். அண்ணாச்சி கேஸ்ல அவர் செவ்வாய்க்கிழமைதான் வந்தாரு, அதுக்குள்ள 83,000மும் போயாச்சு. இதெல்லாம் அவருக்கு விளக்கிச் சொல்லி எழுத வெச்சிருக்கேன், கிடைக்கும்னு என்னால வாக்கு குடுக்க முடியலை.

சரி, என்ன பண்ணணும். கார்டை மெஷின்ல போடறதும் எடுக்கறதும் உங்க கையாலயே இருக்கணும், பணம் எண்ணறதுக்கு முன்னாடி கார்டு. எடுத்ததும் கடைசி நாலு நம்பரைப் பாருங்க. அக்கவுண்ட் திறந்ததும் உடனே குடுக்கற கிட்ல வர்ற கார்டுல பேரே இருக்காது, அந்த மாதிரி கார்டு வெச்சிருக்கறவங்க பர்மனென்ட் மார்க்கர்ல ஓரமா சின்னதா ஒரு குறி போட்டு வைங்க, பின்னை மட்டும் தயவுசெஞ்சு எழுதாதீங்க. இங்கிலீஷ் படிக்கத் தெரியாத அம்மா அப்பாவுக்கு இந்தக் குறி ஒண்ணு போதும். பல வருஷமா போடற பின்னை திடீர்னு Invalid PINன்னு மெஷின் சொன்னா திரும்பத் திரும்ப போட்டுப் பார்க்காதீங்க, கார்டைப் பாருங்க.

பேங்க் ஆப்ல ஏடிஎம் லிமிட்டைக் குறைக்கலாம், கடை ஸ்வைப், ஆன்லைன் எல்லாத்தையும் ஆஃப் பண்ணி வைக்கலாம், 2020ல இருந்தே இந்த வசதி இருக்கு. அண்ணாச்சி கார்டுல ஸ்வைப் ஆஃப்ல இருந்திருந்தா 38,000 மிஞ்சியிருக்கும், அவர் கடையில ஒரு நாளும் கார்டு போட்டதே இல்ல.

கையில இருக்கற அந்த வேற கார்டைக் கோவத்துல உடைச்சுப் போடாதீங்க. கவர்ல போட்டு போலீஸ்ல புகாரோட குடுங்க, அந்த அம்மா கார்டு எங்க மாத்தப்பட்டுச்சுன்னு தெரிஞ்சா அங்க இருக்கற கேமராலயும் அதே ஆள் முகம் கிடைக்கலாம்.

இன்னொண்ணு. சனிக்கிழமை ராத்திரி அண்ணாச்சி அக்கவுண்ட்ல இருந்து எஸ்எம்எஸ் போயிருக்கு, ஆனா போனது ரெண்டு வருஷம் முன்னாடி அவர் விட்டுட்ட நம்பருக்கு. 11:40க்கே அவருக்குத் தெரிஞ்சிருந்தா அதுக்கப்புறம் போன 63,000ல பாதியாவது நின்னிருக்கும். வீட்டுல பெரியவங்க இருந்தா அவங்க அக்கவுண்ட்ல எந்த நம்பர் இருக்குன்னு இன்னைக்கே கேளுங்க, பழசா இருந்தா பாஸ்புக்கோட கிளைக்குக் கூட்டிட்டு வாங்க.