புத்தக மதிப்பு ஒரே வருடத்தில் ஆறு மடங்கானது எப்படி?

முதலீட்டு ஆலோசனைக்கு வருபவர்களில் பலர், விலையைப் புத்தக மதிப்பால் வகுத்து வரும் எண்ணைப் பார்த்துத்தான் பங்கு மலிவா, விலை அதிகமா என்று முடிவு செய்கிறார்கள். அந்த எண் எப்படி ஏமாற்றும் என்பதற்கு நான் காட்டும் உதாரணம் இந்துஸ்தான் யூனிலீவர்.

2020 மார்ச் கடைசியில் அதன் பங்கு விலை சுமார் 2,300 ரூபாய். மொத்தப் பங்குகள் 216 கோடிக்குச் சற்று மேல். இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் சந்தை மதிப்பு. கிட்டத்தட்ட 5 லட்சம் கோடி. ஆனால் கணக்குப் புத்தகத்தில், சொத்துகளிலிருந்து கடன்களையும் மற்ற பொறுப்புகளையும் கழித்தால் மிஞ்சிய புத்தக மதிப்பு 8,000 கோடி அளவுதான். அதாவது பங்குக்கு 37 ரூபாய். சந்தை அதைப் போல அறுபது மடங்குக்கு மேல் கொடுத்துக்கொண்டிருந்தது.

இதில் பைத்தியக்காரத்தனம் எதுவும் இல்லை. லைஃப்பாய், சர்ஃப் போன்ற பெயர்களை அந்தக் குழுமமே வளர்த்தது. தானே வளர்த்த பிராண்டைச் சொத்தாகக் காட்டக் கணக்கியல் விதி அனுமதிப்பதில்லை. விளம்பரத்துக்குச் செலவழித்த பணமும் அந்தந்த வருடச் செலவாகவே போய்விடும். ஆலையும் சரக்கும் புத்தகத்தில் இருக்கும். கடைக்காரரிடம் பெயரைச் சொல்லிக் கேட்கும் பழக்கம் அதில் இருக்காது. சந்தையோ இனி வரப்போகும் லாபத்துக்கு விலை வைக்கிறது. அந்த லாபம் பெரும்பாலும் இந்தப் பழக்கத்திலிருந்துதான் வருகிறது.

அப்புறம்தான் வேடிக்கை. 2020 ஏப்ரலில் ஹார்லிக்ஸ், பூஸ்ட் தயாரித்த ஜிஎஸ்கே கன்ஸ்யூமர் நிறுவனம் இதனுடன் இணைந்தது. அதன் ஒவ்வொரு பங்குக்கும் 4.39 இந்துஸ்தான் யூனிலீவர் பங்குகள் தரப்பட்டன. அப்படிப் புதிதாக வெளியான பங்குகள் அன்றைய சந்தை விலையில் கணக்கில் ஏறியதால், புத்தகத்தில் ஒரே அடியாகச் சுமார் 40,000 கோடி கூடியது. சொத்துப் பக்கத்தில் அதன் பெரும்பகுதி பிராண்டுகளாகவும், வாங்கிய சொத்துகளின் மதிப்புக்கு மேல் கொடுத்த தொகையான குட்வில்லாகவும் பதிவானது. விலை கொடுத்து வாங்கிய பிராண்டுக்குப் புத்தகத்தில் இடம் உண்டு! அடுத்த மார்ச்சில் புத்தக மதிப்பு 47,000 கோடியைத் தாண்டி, பங்குக்கு 200 ரூபாய் ஆகிவிட்டது. பங்கு விலை 2,400 சொச்சம். அறுபது மடங்கு, பன்னிரண்டு மடங்காகச் சுருங்கியது.

பங்கு மலிந்துவிட்டதா? இல்லை, விலை சற்று ஏறித்தான் இருந்தது. பழைய வருட எண்ணோடு ஒப்பிட்டு "நல்ல தள்ளுபடி" என்று வாங்குபவர், கணக்குப்பதிவு மாறியதைத்தான் தள்ளுபடி என்று நினைத்துக்கொள்கிறார். அந்த வருடம் மூலதனத்தின் மீதான லாப விகிதம் விழுந்ததற்கும் முக்கியக் காரணம் இதேதான். வியாபாரம் கெட்டுப்போகவில்லை.

எதிர்த்திசையிலும் இதே கவனம் வேண்டும். வங்கிப் பங்கு புத்தக மதிப்பைவிடக் கீழே விற்றால், கொடுத்த கடனெல்லாம் திரும்பாது என்று சந்தை சந்தேகிக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். வாராக்கடனுக்கு ஒதுக்கீடு செய்யும்போது அந்தப் புத்தக மதிப்பே கரையும்.

புத்தக மதிப்பு திடீரென்று எகிறியிருந்தால், நான் முதலில் புரட்டுவது ஆண்டறிக்கையில் குட்வில், பிராண்டுகள் இருக்கும் வரிகளையும், அந்த வருடம் புதிய பங்குகள் வெளியிடப்பட்டனவா என்ற குறிப்பையும்தான்.