மாத்திரை வீட்டுக்கு வருகிறது, சிறுநீர்ச் சோதனையை நாம்தான் கேட்க வேண்டும்

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. நல்ல உதவிதான். ஆனால் மாத்திரை வந்துவிடுவதால் பலர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போவதையே விட்டுவிடுகிறார்கள். இரண்டாம் வகைச் சர்க்கரை உள்ளவர்களுக்கு சிறுநீரகம் கெடத் தொடங்கினால் சிறுநீரில் கசியும் அல்புமின் என்ற புரதத்தைப் பார்க்க, ஆண்டுக்கு ஒரு தடவை செய்ய வேண்டிய சோதனை அதோடு விட்டுப்போகிறது.

வலங்கைமான் பக்கம் நடவு வேலை செய்யும் ஒரு அக்காவுக்குச் சர்க்கரை வந்து எட்டு வருடம். பாதம் எரிந்து, அப்புறம் மரத்துப்போனது. வரப்பில் குத்திய முள்ளை இரண்டு நாள் கழித்து மகள்தான் பார்த்தாள். நரம்பு கெட்டிருந்தால் சிறுநீரகத்தையும் பார்த்துவிட வேண்டும் என்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். "போன மாசமே யூரின் பார்த்தாச்சும்மா, ஒண்ணும் இல்ல" என்றார்கள்.

பார்த்தது பட்டையை நனைத்து நிறம் பார்க்கும் சோதனை. நூறு மில்லி சிறுநீரில் சுமார் 15 முதல் 30 மில்லிகிராம் அல்புமினாவது இருந்தால்தான் பட்டை நிறம் மாறும். அதற்கு முந்தைய கசிவு அதில் தெரியாது. கிரியாட்டினின் என்பது சிறுநீரகம் வெளியேற்றும் ஒரு கழிவு. இரத்தத்தில் 'கிரியாட்டினின் சரியாக இருக்கிறது' என்பதிலும் நிம்மதி வேண்டாம். சிறுநீரகத்தின் வேலை பாதி குறைந்த பிறகுதான் பலருக்கு அது ஏறுகிறது.

கேட்க வேண்டியது சிறுநீரில் 'அல்புமின்–கிரியாட்டினின் விகிதம்'. அங்கே வசதி இல்லை என்றால் வாய்வார்த்தையோடு திரும்பாதீர்கள், தாலுகா மருத்துவமனைக்கோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ பரிந்துரைச் சீட்டு எழுதி வாங்குங்கள். நாங்கள் முதல் நாள் போனபோது "காலையில வாங்க", மறுநாள் "சீட்டு எங்கே?" ஒரு நாள் கூலி அதிலேயே போயிற்று. காலையில் முதலில் போகும் சிறுநீர்தான் நல்லது. காய்ச்சல், நீர்க்கடுப்பு, மாதவிடாய் நாட்களில் கொடுத்தால் கணக்கு தப்பும்.

அக்காவுக்கு நூறு மில்லியில் அல்புமின் 9 மில்லிகிராம், கிரியாட்டினின் 50 மில்லிகிராம். அதாவது ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 180 மில்லிகிராம் அல்புமின். 30-க்குள் இருக்க வேண்டியது. பட்டையில் ஏன் தெரியவில்லை என்பது இப்போது புரியும். ஒரே முடிவை வைத்து முடிவு கட்டக்கூடாது. மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் மூன்று தடவை பார்த்து, இரண்டில் கூடுதலாக இருந்தால்தான் உறுதி. அவருக்கு உறுதியானது.

பிரஷர் 150/90 இருந்தது. டாக்டர் டெல்மிசார்டன் எழுதினார். பிரஷரைக் குறைப்பதோடு சிறுநீரக வடிகட்டிக்குள் உள்ள அழுத்தத்தையும் அது குறைக்கும். தொடங்கிய இரண்டு மூன்று வாரத்தில் கிரியாட்டினின், பொட்டாசியம் பார்க்க வேண்டும். இதைக் கேட்காமல் விடாதீர்கள். பிரஷர் 130/80-க்குள், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை பெரும்பாலோருக்கு ஏழு சதவீதம் அளவில் இருந்தால் கசிவு மெதுவாகும். போன சிறுநீரகம் திரும்பாது, மிச்சம் தங்கும். இடுப்பு வலிக்கு மருந்துக்கடையில் வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக் அந்த மிச்சத்தையும் கெடுக்கும்.

ஆறு மாதத்தில் 180 என்பது 70 ஆனது. அக்கா இப்போது மாத்திரைப் பையிலேயே ரிப்போர்ட்டையும் வைத்திருக்கிறார். வயலிலிருந்து வந்ததும் மகள் பாதம் பார்க்கிறாள்.