மன்சப்தாரி: தாளில் 500 குதிரை, கைக்கு வந்தது எவ்வளவு?

கையில் ஆணை இருந்தும் பணம் வராமல் அலைகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் முகலாயர்களின் மன்சப்தாரி முறையைப் படிக்கும்போது என் கண் தர்பாரில் நின்ற பெரிய பிரபுக்களான அமீர்களிடம் போவதில்லை. அவர்களுக்குக் கீழே, குதிரையோடு சம்பளத்துக்குக் காத்துக்கிடந்த சிப்பாயிடம்தான் போகிறது.

பின்னணி இவ்வளவு போதும். 1570-களில் அக்பர் தன் பிரபுக்களுக்கும் அதிகாரிகளுக்கும் ஆளுக்கொரு எண் கொடுத்தார். அதுதான் மன்சப். பிற்பாடு அந்த எண் இரண்டாகப் பிரிந்தது. ஜாத் என்பது அவருடைய அந்தஸ்தும் சொந்தச் சம்பளமும். சவார் என்பது அவர் வைத்திருக்க வேண்டிய குதிரைவீரர்களின் கணக்கு.

முதலில் ஏமாறுகிற இடம் இங்கேதான். ஒருவர் ‘1000 ஜாத், 500 சவார்’ என்றால் ஆயிரம் குதிரைக்குத் தலைவர் என்று இன்றும் எழுதிவிடுகிறார்கள். ஆயிரம் என்பது அவர் சபையில் எந்த வரிசையில் நிற்கிறார் என்பதைக் காட்டுவது. படைக்கணக்கு 500-தான்.

அந்த 500-ம் 500 அல்ல. ஷாஜகான் காலத்து விதிப்படி, சம்பளத்துக்குப் பதிலாக வரி வசூலிக்க அவருக்கு ஒதுக்கிய ஊர்கள், அதாவது ஜாகீர், இருக்கும் மாகாணத்திலேயே வேலை என்றால் மூன்றில் ஒரு பங்கு வீரர்கள் போதும், அதாவது 167 பேர். வேறு மாகாணம் என்றால் கால் பங்கு, 125 பேர். இன்றைய ஆப்கானிஸ்தான் பக்கம் இருக்கும் தொலைதூர பல்க், பதக்ஷான் போருக்கு ஐந்தில் ஒரு பங்கு, 100 பேர்.

பார்க்கச் சலுகை போலத் தெரியும். ஆனால் பணம் வந்த வழியைப் பார்த்தால்தான் விஷயம் புரியும். ஒரு சவாருக்கு ஆண்டுக்கு 8000 தாம் என்ற செப்புக்காசு. 500-க்கு 40 லட்சம் தாம். ரூபாய்க்கு 40 தாம் என்பதால் ஒரு லட்சம் ரூபாய். இதைப் பெரும்பாலும் ரொக்கமாகத் தரமாட்டார்கள். 40 லட்சம் தாம் வரி மதிப்புள்ள ஊர்களை ஜாகீராக ஒதுக்கி, ‘நீயே வசூல் செய்துகொள்’ என்பார்கள். ஏட்டில் இருக்கும் அந்த மதிப்புக்கு ஜமா என்று பெயர். நிஜமாக வசூலாவது ஹாசில். இரண்டும் ஒன்றாக இருந்தது அபூர்வம். பாதிதான் வசூலாகும் என்றால், பன்னிரண்டு மாத வரியில் ஆறு மாத அளவுதான் வரும் என்ற கணக்கில் அந்த ஜாகீரை ‘ஆறு மாத’ ஜாகீர் என்று குறித்துவிடுவார்கள். அவருக்கு வருவது 50,000 ரூபாய். அதை 167 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு மாதம் 25 ரூபாய்தான். குதிரைக்குத் தீனியும் அதிலேயே. மாதக் கணக்கு குறைந்தால் வைத்திருக்க வேண்டிய குதிரைகளின் எண்ணிக்கையும் குறைக்கப்பட்டது, சரி. ஆனால் சிப்பாயின் சம்பளமும் சேர்ந்தே குறைந்தது. ஏட்டு மதிப்பைத் திருத்துவதை விட்டுவிட்டு அவன் வயிற்றைக் குறைத்தார்கள்.

அடுத்தது சரிபார்ப்பு. குதிரையின் உடம்பில் சூடு போடுவது தாக். வீரனின் முகம், மச்சம், தழும்பு, ஊர், தகப்பன் பெயர் எல்லாம் எழுதுவது செஹ்ரா. இந்தச் சான்று இல்லாமல் சவார் சம்பளம் இல்லை. இரவல் குதிரையில் வேலைக்காரர்களை ஏற்றிக் கணக்குக் காட்டிய அமீர்கள் அக்பர் காலத்திலேயே இருந்ததால்தான் இவ்வளவு கெடுபிடி. ஏமாற்றியவர்கள் மேலே இருந்தார்கள், மச்சம் எண்ண வரிசையில் நின்றது கீழே இருந்தவன்.

ஔரங்கசீப்பின் கடைசி ஆண்டுகளில் அலைச்சல் உச்சத்துக்குப் போனது. 1686-ல் பீஜப்பூரும் 1687-ல் கோல்கொண்டாவும் வீழ்ந்த பின், அங்கிருந்த பிரபுக்களுக்கும், பக்கம் மாறிய மராட்டியத் தலைவர்களுக்கும் மன்சப் வாரி வழங்கப்பட்டது. ஒதுக்க ஜாகீர் இல்லை. மன்சப் பதிவும் தாக் சூடு போடுவதும் படைக்கணக்கைப் பார்த்த மீர் பக்‌ஷியின் பக்கம், ஜாகீர் ஒதுக்கீடு வருவாயைப் பார்த்த திவானின் பக்கம். ஓரிடத்தில் பெயர் ஏறியவர் இன்னோரிடத்தில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார். ஜாகீர் கிடைத்தவருக்கும் நிம்மதி இல்லை. அரசாங்க யானை, குதிரைகளின் தீனிச் செலவை அவர் கணக்கில் பிடித்தார்கள். அப்புறம் மூன்று நான்கு ஆண்டில் மாற்றல். போகிறவர் போவதற்குள் குடியானவனிடம் முடிந்தவரை கறந்துவிடுவார்.

மன்சப் வாரிசுக்குப் போகாது. மன்சப்தார் இறந்தால் சொத்துக்கு முத்திரை வைத்து, அவர் அரசுக்குத் தர வேண்டிய பாக்கியை முதலில் எடுத்துக்கொள்வார்கள். மகனுக்குக் கொடுத்தாலும் புதிதாக ஒரு சின்ன எண்தான். சிப்பாய்க்கோ மன்சப் என்று ஒன்றும் கிடையாது. அவனை வேலைக்கு வைத்தவர் அந்த மன்சப்தார், சம்பளப் பாக்கியைக் கேட்க அவனுக்கு இருந்த ஆளும் அவர்தான்.