தகதிமியா, தகிடவா? மறந்துபோன பாட்டை நடையால் தேடுவது

பாட்டின் வரியும் பாடியவர் பெயரும் மறந்த பிறகும் அதன் தாள நடை மனதில் தங்கியிருக்கும். வேகமும் ஓரளவு சரியாகவே தங்கும். 1996-ல் டேனியல் லெவிட்டினும் பெரி குக்கும் நடத்திய ஆய்வில், பிடித்த பாட்டை நினைவிலிருந்து பாடியவர்களில் பெரும்பாலோர் அசல் வேகத்திலிருந்து 8 சதவீதத்துக்கு மேல் விலகவில்லை.

முதலில் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே காலால் தட்டுங்கள். நிமிடத்துக்கு 100 தட்டு என்றால், இரண்டு தட்டுக்கு இடையே 0.6 விநாடி. இடையில் விழும் ஒலி 0.3-ல், சரிபாதியில் வந்தால் அது ஸ்ட்ரெய்ட். 0.4-ஐ ஒட்டித் தள்ளி வந்தால் ஸ்விங்.

இந்த 0.1 விநாடி வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கச் சொற்கட்டே போதும். ஒவ்வொரு தட்டுக்குள்ளும் "தகிட" சொல்லி, நடு எழுத்தை மட்டும் விழுங்கிவிடுங்கள்: த–ட, த–ட. பாட்டு அதில் வழுக்கிக்கொண்டு உட்கார்ந்தால் ஸ்விங். முட்டிக்கொண்டு நின்றால் "தகதிமி" சொல்லிப் பாருங்கள். அது பொருந்தினால் ஸ்ட்ரெய்ட். விழுங்கிய "கி"யின் இடத்திலும் பாட்டு முழுக்க ஒலி வந்துகொண்டிருந்தால், அதை ஸ்விங் என்பதைவிட மூன்று மூன்றாக ஓடும் திஸ்ர நடை என்பதே சரி.

பாடகரின் குரலை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். குரல் தாளத்துக்கு முன்னும் பின்னும் மிதக்கும். டிரம்ஸின் உலோகத் தட்டில் விழும் "ட்ஸ் ட்ஸ்" ஒலியை நினைவுக்குக் கொண்டுவந்து அதைக் கவனியுங்கள்.

பலரும் தவறுவது அடுக்கில்தான். இதே 100 தட்டு வேகத்தில் ஒரு பாட்டு. இடை ஒலி சரியாக 0.3-ல் விழுகிறது. ஸ்ட்ரெய்ட் என்று முடிவுகட்டத் தோன்றும். ஆனாலும் பாட்டு லேசாகத் துள்ளுகிறது. இப்போது காலை இரட்டிப்பு வேகத்தில் தட்டி, ஒவ்வொரு 0.3-க்குள்ளும் த–ட சொல்லிப் பாருங்கள். உள்ளே இருக்கும் சின்ன ஒலி 0.15-க்குப் பதில் 0.2-ல் விழுந்தால், ஸ்விங் ஒரு அடுக்கு கீழே ஒளிந்திருக்கிறது. கூடவே இரண்டாம், நான்காம் தட்டில் கனமான இயந்திர டிரம் அடித்தால், 1980-களின் கடைசியில் பரவிய நியூ ஜாக் ஸ்விங் பாடல்களில் முதலில் தேடலாம். மனதில் ஐந்து பாட்டுகள் சந்தேகத்தில் இருந்தால், இந்த அடுக்கு சமமாக ஓடுபவற்றைத் தைரியமாகப் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம்.

அதிவேக ஜாஸில் மட்டும் இப்படி அடித்துவிடாதீர்கள். வாசிப்பவர்கள் த–ட-வில் இரண்டாவதாக வரும் குறில் ஒலியைச் சுமார் 0.1 விநாடிக்குக் கீழே அதிகம் சுருக்குவதில்லை. நிமிடத்துக்கு 300 தட்டில் ஒரு தட்டே 0.2 விநாடிதான். அதில் 0.1 குறிலுக்குப் போனால் நெடிலுக்கும் அதே 0.1 தான் மிஞ்சும். அதனால் ஸ்விங் பாட்டுகூட அங்கே ஸ்ட்ரெய்ட்டாகவே கேட்கும்.

இன்னொன்று, நடை சொல்வது பாட்டை அல்ல, அந்த ஒலிப்பதிவை. ஸ்விங்கில் வந்த பாட்டை வேறொருவர் ஸ்ட்ரெய்ட்டாகப் பாடியிருக்கலாம். அடித்துவிட்ட பாட்டின் மெட்டு மட்டும் அச்சு அசலாகப் பொருந்துகிறதென்றால், அதன் மற்ற பதிவுகளைக் கேட்டுப் பாருங்கள்.