பார் ஸ்கோர் என்பது சமன் ஓட்டம்

மழை மிரட்டும் ஒருநாள் போட்டிகளில் தமிழ் வர்ணனையாளர்கள் ஒரு வாக்கியத்தைத் தவறாமல் சொல்கிறார்கள்: "டக்வொர்த் லூயிஸ் முறைப்படி இப்போதைக்கு இலக்கு இவ்வளவு." செய்தியாக எழுதப்படும்போது அதே எண் "சராசரி ஓட்டம்" ஆகிவிடுகிறது. ஆங்கிலத்தில் 'பார் ஸ்கோர்' எனப்படும் அந்த எண்ணுக்கு இந்த இரண்டு பெயர்களுமே பிழை. இலக்கு என்ற சொல்லால் ஓர் அணி உலகக் கோப்பையையே இழக்க நேரிடும் என்பதால் இதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

'பார்' லத்தீன் சொல். பொருள், சமம். பங்குச் சந்தையில் முகமதிப்புக்குச் சமமான விலையையும், கோல்ஃபில் நல்ல ஆட்டக்காரருக்குத் தேவைப்படும் அடிகளின் எண்ணிக்கையையும் இந்தச் சொல்லால் குறிக்கிறார்கள். குழப்பம் கோல்ஃப் வழியாக வந்தது. "இந்த ஆடுகளத்தில் 280 பார் ஸ்கோர்" என்றால் 280 எடுத்தால் மோசமில்லை என்று பொருள். அது ஒரு மதிப்பீடு. மழை விதியில் வரும் பார் ஸ்கோர் மதிப்பீடு அல்ல. ஆட்டம் இந்தப் பந்தோடு நின்றுபோனால் இரு அணிகளும் சமன் ஆகும் எண் அது. அதற்கு ஒன்று குறைந்தால் தோல்வி, ஒன்று கூடினால் வெற்றி.

அந்த எண் பிறப்பது ஃபிராங்க் டக்வொர்த், டோனி லூயிஸ் என்ற இரு ஆங்கிலேயப் புள்ளியியலாளர்கள் தயாரித்த அட்டவணையில். சர்வதேசப் போட்டியில் அது முதலில் பயன்பட்டது 1997 ஜனவரி 1 அன்று, ஹராரேயில் நடந்த ஜிம்பாப்வே–இங்கிலாந்து ஆட்டத்தில். மிச்சமிருக்கும் ஓவர்கள் ஒரு பக்கம், விழுந்த விக்கெட்டுகள் மறு பக்கம். இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் ஒரு விழுக்காடு இருக்கும். 50 ஓவரும் 10 விக்கெட்டும் கையில் இருந்தால் 100. 30 ஓவர் மிச்சம், 2 விக்கெட் போயிருக்கிறது என்றால் 67.3. அதே 30 ஓவர் மிச்சமிருந்தும் 4 விக்கெட் போயிருந்தால் 54.1தான்.

இந்த விழுக்காட்டுக்கு ஆங்கிலத்தில் 'ரிசோர்ஸ்' என்று பெயர். நம் மொழிபெயர்ப்பாளர்கள் 'ஆதாரம்' என்கிறார்கள், சிலர் 'மூலவளம்' என்கிறார்கள். ஆதாரம் என்றதும் வாசகர் சான்று என்று நினைப்பார். மூலவளம் என்றால் நிலக்கரியும் நீரும் நினைவுக்கு வரும். ஓவரும் விக்கெட்டும் செலவாகிக்கொண்டே போகும் பொருட்கள். மீதியைத்தான் அட்டவணை சொல்கிறது. அதற்குத் தமிழில் 'கையிருப்பு' என்ற அருமையான சொல் வீட்டிலும் கடையிலும் புழங்குகிறதே! கையிருப்பு 67.3 என்றால் செலவு 32.7 என்பது தானாகவே விளங்கிவிடும். கையிருப்பு விழுக்காடு, கையிருப்பு அட்டவணை என்று எழுதினால் அடிக்குறிப்பே வேண்டாம்.

இனி டர்பன். 2003 மார்ச் 3, உலகக் கோப்பை. இலங்கை 50 ஓவரில் 268. மழைக்கு நடுவே தென்னாப்பிரிக்கா துரத்துகிறது. 45 ஓவர் முடியும்போது 6 விக்கெட் போயிருந்தால் சமன் ஓட்டம் என்ன? 5 ஓவர் மிச்சம், 6 விக்கெட் செலவு, கையிருப்பு 14.3. ஆக, செலவானது 85.7 விழுக்காடு. 268இல் 85.7 விழுக்காடு 229.68. பின்னத்தை விட்டால் 229. வெல்ல வேண்டுமானால் 230.

ஆடுகளத்துக்குப் போன செய்தியில் இருந்தது 229. முரளிதரன் வீசிய அந்த ஓவரின் ஐந்தாம் பந்தில் மார்க் பவுச்சர் ஆறு அடித்தார், 229 வந்துவிட்டது. கடைசிப் பந்தை ஓட்டம் எடுக்காமல் தடுத்து ஆடினார். மழையால் ஆட்டம் அத்தோடு நின்றது, சமன் என்று அறிவிக்கப்பட்டது, போட்டியை நடத்திய தென்னாப்பிரிக்கா முதல் சுற்றோடு வெளியேறியது. தாளில் இருந்த எண் சரி. அதை 'இதை எட்டினால் போதும்' என்று படித்ததுதான் பிழை. நாம் 'இலக்கு' என்று சொல்லும்போது செய்வதும் அதே பிழைதான். இலக்கு எட்டப்பட வேண்டியது. சமன் ஓட்டம் தாண்டப்பட வேண்டியது.

'சராசரி' இன்னும் மோசம். அது ரன் ரேட் கணக்கை மனத்தில் ஏற்றுகிறது. 268ஐத் துரத்தும் அணி 20 ஓவர் ஆடிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சராசரிப்படி 107 எடுத்திருக்க வேண்டும். அட்டவணைப்படி 2 விக்கெட் போயிருந்தால் சமன் ஓட்டம் 87, 4 போயிருந்தால் 123. விக்கெட் கையில் இருக்கும் அணி பின்னால் அடித்து ஆட முடியும் என்பதால் முன்னால் கொஞ்சம் மெதுவாகப் போவதை அட்டவணை தண்டிப்பதில்லை. இந்த 36 ஓட்ட வித்தியாசம் முழுவதையும் 'சராசரி' என்ற சொல் மறைத்துவிடுகிறது.

தூய தமிழ் அன்பர்கள் 'நிகர் ஓட்டம்' என்று முன்வைக்கிறார்கள். நிகர் என்றால் சமம்தான், மறுக்கவில்லை. ஆனால் கிரிக்கெட்டில் நிகர ரன் ரேட் என்ற வேறொன்று ஏற்கெனவே குடியிருக்கிறது. புள்ளிப் பட்டியலுக்குப் பக்கத்தில் இதையும் எழுதினால் யாருக்கு விளங்கும்? தூய்மை வேண்டும், தெளிவைக் கெடுக்காத தூய்மையாக வேண்டும். 'சமன் ஓட்டம்' இரண்டையும் தருகிறது. ஆட்டம் சமனில் முடிந்தது என்று நாம் ஏற்கெனவே சொல்கிறோம். அந்த விளைவைத் தரும் எண்ணுக்கு அதே சொல்.

நேரலையில் வெற்றி வாய்ப்பைக் கணித்து விலை வைப்பவர்களுக்கு இந்தத் தெளிவு இன்னும் அவசியம். மேலே சொன்ன அணி 20 ஓவரில் 2 விக்கெட்டுக்கு 95 எடுத்திருக்கிறது என்றால் சமனைவிட 8 முன்னால் நிற்கிறது. மழை வந்து ஆட்டம் அங்கேயே முடியுமானால் வெற்றி உறுதி. மழை வராவிட்டால்? கையிருப்பு 67.3, சராசரி அணி அதைக் கொண்டு இன்னும் சுமார் 180 எடுக்கும். 275 என்று வருகிறது, தேவை 269. சாதகம்தான், ஆனால் 30 ஓவர் மிச்சமிருக்கும்போது அது மெல்லிய சாதகம். அதே 8 ஓட்ட முன்னிலை 45ஆம் ஓவரில், கையிருப்பு 14.3 மட்டும் இருக்கும்போது பெரிய தொகை. "சமனுக்கு மேலே 8" என்ற ஒரே எண்ணுக்கு ஒரே விலை வைப்பது முதல் தவறு. அடுத்த பந்தில் விக்கெட் விழுந்தால் சமன் ஓட்டமே மேலேறும் என்பதை மறப்பது இரண்டாவது. டர்பனில் அந்தக் கடைசிப் பந்தில் பவுச்சர் அவுட் ஆகியிருந்தால் சமன் 229இலிருந்து 234க்குப் போயிருக்கும். அவர் தடுத்து ஆடியதற்கு அது ஒரு காரணம் கற்பிக்கும்.

அட்டவணைக்கு எல்லையும் உண்டு. ஆடுகளம் எப்படி, பனி விழுகிறதா, களத்தில் நிற்பவர் மட்டையாளரா பந்துவீச்சாளரா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. 350க்கு மேல் துரத்தும்போது அச்சிட்ட பழைய அட்டவணை சமன் ஓட்டத்தைத் தாழ்த்திக் காட்டும். அவ்வளவு பெரிய துரத்தலில் தொடக்கத்திலிருந்தே வேகமாக எடுத்தாக வேண்டும். அதனால்தான் சர்வதேசப் போட்டிகள் கணினிப் பதிப்புக்கு மாறின. பிறகு ஸ்டீவன் ஸ்டெர்ன் அதைத் திருத்தி, டிஎல்எஸ் என்ற பெயரில் தன் பெயரையும் பெற்றார். பழைய அட்டவணையை எடுத்துவைத்து இன்றைய ஆட்டத்துக்குக் கணக்குப் போடுபவர்கள் திரையில் தெரியும் எண்ணோடு ஒத்துப்பார்க்க வேண்டும்.

இதையெல்லாம் வர்ணனையாளர் விளக்கிக்கொண்டிருக்க நேரமில்லை என்று சொல்வார்கள். நேரம் இல்லாததால்தான் சொல் சரியாக இருக்க வேண்டும். "சமன் ஓட்டம் 87, இவர்கள் 95" என்று சொல்ல, "இலக்கு 87" என்று குழப்புவதைவிட இரண்டு நொடி கூடுதலாகும்.