கம்பளி குத்துறது வேற, அலர்ஜி வேற: மஃப்ளர் வாங்குறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

பினாங்குல தோல் டாக்டரா இருக்கிற எனக்கு மஃப்ளர், ஷால்னால வர்ற கழுத்து அரிப்பு புதுசு இல்ல. வெளிய வேர்த்து ஊத்துற ஊர்தான், ஆனா பாயான் லெப்பாஸ் பக்கம் ஆபீஸ்ல வேலை செய்றவங்ககிட்ட ஏர்கான் குளிரைப் பத்திக் கேட்டுப் பாருங்க, பாதி பேர் மேசையில ஒரு ஷால் வச்சிருப்பாங்க.

அப்படித்தான் ஒரு தங்கச்சி வந்தாங்க. "டாக்டர், எனக்கு கம்பளி அலர்ஜி, அதனாலதான் ஃப்ளீஸுக்கு மாறினேன், இப்ப அதுவும் அலர்ஜியாயிருச்சு"ன்னாங்க. கழுத்து ரெண்டு பக்கமும் தோல் தடிச்சு, சொரசொரன்னு கருத்துப் போயிருந்துச்சு. நம்ம நிறத்துக்கு அலர்ஜி செவப்பா தெரியாது, பழுப்பாவோ ஊதா கலந்த கருப்பாவோதான் தெரியும், அதனால நிறைய பேர் இதை அழுக்குன்னு நெனச்சு இன்னும் தேச்சுத் தேச்சு குளிக்கிறாங்க, அது நெலமைய மோசமாக்கும்.

நான் கேட்ட முதல் கேள்வி, கம்பளி போட்டப்ப எவ்வளவு நேரத்துல அரிச்சதுன்னுதான். போட்ட உடனே குத்துச்சு, கழட்டினதும் கொஞ்ச நேரத்துல சரியாயிருச்சுன்னாங்க. அப்ப அது அலர்ஜியே இல்ல. கம்பளி நூல் நுனி மொட்டையா வெட்டின தாடி முடி மாதிரி, தடிமனா இருந்தா வளையாம தோலைக் குத்தும். சுமார் 30 மைக்ரோனுக்கு மேல தடிமன் உள்ள இழை நூத்துக்கு அஞ்சு இருந்தாலே நமக்கு குத்துறது தெரிய ஆரம்பிக்கும். மெரினோன்னு ஒரு மெல்லிசு கம்பளி இருக்கு, 17, 18 மைக்ரோன் மெரினோ வளைஞ்சு குடுத்துரும், எக்ஸிமா உள்ளவங்களுக்கே பெரும்பாலும் அது ஒத்துப்போகுது. கம்பளியில இருக்கிற லானோலின் கொழுப்புக்கு அலர்ஜி உள்ளவங்க இருக்காங்க, இல்லன்னு சொல்லல, ஆனா நூலா நூக்கிறதுக்கு முன்னாடியே கம்பளிய அலசி அந்தக் கொழுப்பை பெரும்பாலும் எடுத்துர்றாங்க, அவங்களுக்கு பிரச்சனை அதிகமா வர்றது லானோலின் போட்ட கிரீம்லயும் லிப் பாம்லயும்தான்.

ஃப்ளீஸ் கதை வேற மாதிரி இருந்துச்சு. போட்டப்ப மெத்துன்னு இருந்துச்சாம், அரிப்பு வந்தது ஒரு ரெண்டு நாள் கழிச்சு, கழட்டி வச்சும் வாரக்கணக்கா போகல. உண்மையான தொடு அலர்ஜியோட அடையாளம் இந்தத் தாமதம்தான். மஃப்ளர் என்ன கலர்னு கேட்டேன், கடும் நேவி ப்ளூ. வேலை முடிஞ்சு அதைக் கழுத்துல சுத்தின மாதிரியே மோட்டார்ல வீட்டுக்கு போவாங்களாம்.

ஃப்ளீஸ்னா பெரும்பாலும் பாலியெஸ்டர். பாலியெஸ்டருக்கு ஏத்துற டிஸ்பர்ஸ் சாயம் இழையோட ரசாயனமா ஒட்டிக்காது, உள்ள சும்மா கரைஞ்சு நிக்கும், அதனால வேர்வையும் உரசலும் சேர்ந்தா கொஞ்சம் கொஞ்சமா தோலுக்கு வந்துரும். இந்த விஷயத்துல பேர் போனது டிஸ்பர்ஸ் ப்ளூ 106, 124, ரெண்டும் கடும் நீலம், கருப்பு துணிகள்லதான் அதிகம் பார்ப்போம். ஏர்கான்ல மட்டும் போட்டிருந்தா ஒருவேளை தப்பிச்சிருப்பாங்க, மோட்டார்ல போனப்ப வேர்த்த வேர்வைதான் சாயத்தை இறக்கிருச்சுன்னு நான் நெனைக்கிறேன்.

நெனைச்சா போதாது இல்லையா, பேட்ச் டெஸ்ட் செஞ்சோம். அலர்ஜி தரும்னு சந்தேகப்படுற பொருள்களை முதுகுல சின்னச் சின்னதா ஒட்டி ரெண்டு நாள் விடணும், முதுகு நனையக்கூடாது, வேர்க்கவும் கூடாது, நம்ம ஊர் வெயில்ல இதுதான் கஷ்டம், அதனால ஏர்கான் உள்ள எடத்துல இருக்கச் சொல்லுவேன். எடுத்த அன்னைக்கு ஒரு தடவையும், ஒட்டுனதுலருந்து நாலாம் நாள் ஒரு தடவையும் பார்ப்போம். இவங்களுக்கு ரெண்டாம் நாள் லேசாத்தான் இருந்துச்சு, நாலாம் நாள் டிஸ்பர்ஸ் ப்ளூ ஒட்டுன எடம் நல்லா தடிச்சுருச்சு. லானோலினுக்கு ஒண்ணுமே இல்ல. வழக்கமான டெஸ்ட் செட்ல சில எடத்துல துணிச் சாயம் இருக்காது, அதனால டெக்ஸ்டைல் சீரிஸ் வேணும்னு கேளுங்க, சந்தேகப்படுற மஃப்ளரையும் கையோட கொண்டு வாங்க, அதுலருந்தே ஒரு துண்டு வெட்டி நனைச்சு ஒட்டிப் பார்க்கலாம்.

இப்ப அவங்களுக்கு நான் சொன்னது, சாயம் ஏத்தாத இல்ல வெளிர் நிற சில்க். பட்டு இழை நீளமா வழவழன்னு போகும், குத்துறதுக்கு நுனியே அதிகம் கிடையாது, பட்டு புரதத்துக்கே அலர்ஜி வர்றது அபூர்வம். ஆனா மெல்லிசு சில்க் காத்தைப் பிடிச்சு வைக்காது, நெஜமான குளிருக்கு அது மட்டும் பத்தாது. அதனால ஆஸ்திரேலியா, லண்டன்னு குளிர்காலத்துல போறவங்க உள்ள சில்க், மேல மெரினோன்னு சுத்திக்கலாம். லிட்டில் இந்தியாவுல பஷ்மினான்னு எழுதி மலிவா விக்கிறது பெரும்பாலும் விஸ்கோஸ், இல்லன்னா அக்ரிலிக். பேரை விடுங்க, உள்ள தச்சிருக்கிற சின்ன லேபிள்ல எத்தனை பெர்சன்ட் என்ன நூல்னு பாருங்க, பாலியெஸ்டரும் கடும் நீலமும் ஒண்ணா இருந்தா, சாய அலர்ஜி உள்ளவங்க அதைத் திரும்ப மடிச்சு வச்சிருங்க.