பெட்டிகள் அவையே, விடைகள் வேறு: பின்னலான மடக்குள்ள பாய்வுப்படத்தின் வெளியீட்டைக் கணிப்பது

நிரல் எழுதப் புதிதாக வருவோருக்குப் பயிற்சி அளிப்பதும், அவர்கள் வரைந்து தரும் பாய்வுப்படங்களைச் சரிபார்ப்பதும் பல ஆண்டுகளாக என் பணியாக இருந்து வருகின்றன. ஒற்றை மடக்கு உள்ள படத்தைக் கொடுத்தால் பெரும்பாலோர் சரியான வெளியீட்டைச் சொல்லிவிடுகிறார்கள். அந்த மடக்குக்குள் இன்னொரு மடக்கும், அதற்குள் ஒரு கிளைபிரியும் தீர்மானப் பெட்டியும் வந்தவுடன், கணக்கில் வல்லவர்களே தவறிப்போகிறார்கள். அவர்களுடைய தாள்களை வாங்கிப் பார்க்கும்போது கூட்டல் கழித்தலில் பிழை இருப்பது அரிது. அம்புக்குறி எங்கே போய்ச் சேருகிறது என்பதைப் பார்க்காமல், போய்ச் சேர வேண்டிய இடம் இதுவாகத்தான் இருக்கும் என்று எண்ணிக்கொண்டதே பிழையின் வேராக இருக்கிறது.

நான் வழக்கமாகக் கொடுக்கும் படத்தை இங்கே பெட்டி எண்களுடன் எழுத்தில் தருகிறேன். கேள்விக்குறி உள்ளவை சாய்சதுரத் தீர்மானப் பெட்டிகள். `%` என்பது வகுத்தபின் கிடைக்கும் மீதியைக் குறிக்கும்.

```
1:  S = 0, I = 1            -> 2
2:  I <= 4 ?                ஆம் -> 3   இல்லை -> 10
3:  J = 1                   -> 4
4:  J <= I ?                ஆம் -> 5   இல்லை -> 9
5:  (I + J) % 3 == 0 ?      ஆம் -> 6   இல்லை -> 7
6:  S = S + J               -> 8
7:  S = S + 1               -> 8
8:  J = J + 1               -> 4
9:  I = I + 1               -> 2
10: print S, I, J
```

இதைப் பார்த்தவுடன் பலர் செய்யும் முதல் வேலை, மனத்துக்குள் இதை நிரல்மொழியின் இரண்டு `for` கட்டளைகளாக மாற்றிக்கொள்வது. அங்கேதான் சறுக்கல் தொடங்குகிறது. பாய்வுப்படத்தில் மடக்கு என்று தனியாக ஒரு பெட்டி இங்கே இல்லை. பின்னோக்கிச் செல்லும் ஓர் அம்புக்குறிதான் மடக்கை உண்டாக்குகிறது. எட்டாம் பெட்டியிலிருந்து நான்குக்குச் செல்லும் அம்புக்குறி உள்மடக்கு, ஒன்பதாம் பெட்டியிலிருந்து இரண்டுக்குச் செல்லும் அம்புக்குறி வெளிமடக்கு. ஆகவே தடமறியத் தொடங்குமுன் பின்னோக்கிச் செல்லும் அம்புக்குறிகளை மட்டும் தேடி, அவை சேரும் பெட்டிகளை வட்டமிட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்வேன். மாறிகளின் தொடக்க மதிப்பை இடும் பெட்டிகள் அந்த வட்டத்துக்கு முன்னால் இருக்கின்றனவா, பின்னால் இருக்கின்றனவா என்பதுதான் விடையைத் தீர்மானிக்கப்போகிறது.

அடுத்ததாக ஒரு பட்டியல். `I`, `J`, கூட்டுத்தொகை, `S` ஆகிய நான்கு பத்திகள் போதும். உள்மடக்கின் உடற்பகுதியை, அதாவது ஐந்தாம் பெட்டியை, ஒவ்வொரு முறை கடக்கும்போதும் ஒரு புதிய வரி எழுத வேண்டும். பழைய மதிப்பை அழித்து அதன்மேலேயே புதியதை எழுதுபவர்கள், பிழை எந்தச் சுற்றில் நுழைந்தது என்பதைப் பின்னர் கண்டுபிடிக்க முடியாமல் தொடக்கத்திலிருந்து மீண்டும் செய்ய நேர்கிறது.

```
I  J  I+J   S
1  1   2    1
2  1   3    2
2  2   4    3
3  1   4    4
3  2   5    5
3  3   6    8
4  1   5    9
4  2   6   11
4  3   7   12
4  4   8   13
```

பத்து வரிகள். நான்கு சுற்றுக்கு நான்கு என்று பதினாறு வரிகள் எழுதியவர்கள், நான்காம் பெட்டியில் `J`-இன் எல்லை 4 அன்று, `I`-தான் என்பதைக் கவனிக்கவில்லை. வெளிமடக்கின் ஒவ்வொரு சுற்றுக்கும் உள்மடக்கின் எல்லை நகர்வதால், உடற்பகுதி 1, 2, 3, 4 என்ற எண்ணிக்கையில் இயங்குகிறது.

`S` 13 என்பது கிடைத்துவிட்டது. ஆனால் பத்தாம் பெட்டி மூன்று மதிப்புகளை அச்சிடச் சொல்கிறது. பட்டியலின் கடைசி வரியைப் பார்த்து 13, 4, 4 என்று எழுதுவதே நான் மிக அதிகமாகக் காணும் தவறு. கடைசி வரிக்குப் பிறகும் பாய்வு நடந்துகொண்டுதான் இருக்கிறது. எட்டாம் பெட்டி `J`-ஐ 5 ஆக்குகிறது. நான்காம் பெட்டியில் 5, 4-ஐ விடப் பெரிது என்பதால் இல்லை என்ற விடை வருகிறது. ஒன்பதாம் பெட்டி `I`-ஐ 5 ஆக்குகிறது. இரண்டாம் பெட்டியிலும் இல்லை என்ற விடை வந்த பிறகே பாய்வு பத்தாம் பெட்டியை அடைகிறது. எனவே வெளியீடு 13, 5, 5. மடக்கிலிருந்து வெளியேற வேண்டுமானால் நிபந்தனை ஒருமுறை பொய்யாக வேண்டும், அது பொய்யாவதற்கு மாறி எல்லையைத் தாண்டியிருக்க வேண்டும். உள்மடக்கின் உடற்பகுதி பத்து முறை இயங்கினாலும், நான்காம் பெட்டியின் கேள்வி ஒவ்வொரு வெளிச்சுற்றிலும் ஒருமுறை கூடுதலாகக் கேட்கப்படுவதால், மொத்தம் பதினான்கு முறை கேட்கப்படுகிறது. உங்கள் எண்ணிக்கை பதினான்காக வரவில்லையென்றால் எங்கோ ஒரு தோல்வியுற்ற சோதனையைத் தாண்டிக் குதித்திருக்கிறீர்கள்.

கிடைத்த விடையை, பட்டியலை மறுபடி படிக்காமல், வேறொரு வழியில் சரிபார்ப்பது நல்லது. ஒரே வழியில் இருமுறை நடந்தால் அதே குழியில் இருமுறை விழ நேரும். இங்கே கூட்டுத்தொகை மூன்றால் வகுபடும் இணைகள் (2,1), (3,3), (4,2) ஆகிய மூன்று மட்டுமே. அவற்றில் `J`-இன் மதிப்புகளைக் கூட்டினால் 1, 3, 2 சேர்ந்து ஆறு. மீதமுள்ள ஏழு இணைகளும் ஒவ்வொன்றாக ஏழு தருகின்றன. ஆறும் ஏழும் பதின்மூன்று. எல்லை நான்குக்குப் பதிலாக நூறு என்று இருந்தால் உடற்பகுதி 5050 முறை இயங்கும். அப்போது வரிவரியாக எழுதுவது நடக்காத காரியம், இணைகளை இப்படி வகைப்படுத்தி எண்ணுவது ஒன்றே கையால் செய்யக்கூடிய வழி.

இப்போது இதே படத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்வோம். மூன்றாம் பெட்டியை, அதாவது `J = 1` என்பதை, இரண்டாம் பெட்டிக்கு முன்னால் நகர்த்திவிட்டு, இரண்டாம் பெட்டியின் ஆம் அம்புக்குறியை நேராக நான்குக்கு இழுத்துவிடுகிறேன். பெட்டிகள் பத்தும் அப்படியே இருக்கின்றன. ஆனால் வெளிமடக்கின் திரும்பும் அம்புக்குறி இரண்டாம் பெட்டியில் வந்து சேருவதால், `J` ஒருமுறை மட்டுமே 1 ஆகிறது, அதன்பின் ஒருபோதும் தொடக்கத்துக்குத் திரும்புவதில்லை. முதல் சுற்றில் `J` 1. உடற்பகுதி முடிந்ததும் 2 ஆகிறது. இரண்டாம் சுற்று அந்த 2-லிருந்தே தொடங்கி ஒருமுறை மட்டும் இயங்குகிறது. ஆக (1,1), (2,2), (3,3), (4,4) என்ற நான்கு இணைகள் மட்டுமே கிடைக்கின்றன. `S` முறையே 1, 2, 5, 6 ஆகிறது. வெளியீடு 6, 5, 5. `I`, `J` இரண்டின் இறுதி மதிப்பும் முதல் படத்தில் வந்தவையே என்பதைக் கவனியுங்கள். அவற்றை மட்டும் அச்சிட்டுச் சோதித்தவர் இந்தப் பிழையைக் கண்டுபிடித்திருக்கவே மாட்டார்.

மூன்றாவது வடிவத்தில் `J = 1` தன் பழைய இடத்திலேயே இருக்கட்டும். ஆறாம் பெட்டியின் அம்புக்குறியை மட்டும் எட்டுக்குப் பதிலாக ஒன்பதுக்குத் திருப்புகிறேன். வகுபடும் இணை கிடைத்ததும் உள்மடக்கை இடையிலேயே முறித்துக்கொண்டு வெளியேறுவது இதன் பொருள். முதல் சுற்றில் `S` 1. இரண்டாம் சுற்றில் (2,1) வகுபடுவதால் `S` 2 ஆகி உடனே வெளியேற்றம். மூன்றாம் சுற்றில் 3, 4, பிறகு (3,3) வகுபடுவதால் 7. நான்காம் சுற்றில் 8, பிறகு (4,2) வகுபடுவதால் 10, உடனே வெளியேற்றம். கடைசியில் `J` எட்டாம் பெட்டியைத் தொடாமலே நின்றுவிட்டதால் அதன் மதிப்பு 2. வெளியீடு 10, 5, 2. எல்லையைத் தாண்டாத ஒரு `J` வெளியீட்டில் தெரிந்தால், உள்மடக்கு அதன் நிபந்தனையால் முடியவில்லை, கிளை ஒன்றின் வழியாக முறிந்திருக்கிறது என்று அறியலாம்.

இந்த மூன்றையும் விடக் கடுமையான ஒரு பிழை உண்டு. ஏழாம் பெட்டியின் அம்புக்குறியை எட்டுக்குப் பதிலாக நான்குக்கு வரைந்துவிடுவது அது. பல அம்புக்குறிகள் ஒரே கோட்டில் வந்து கலக்கும் படங்களில் இது எளிதாக நேர்ந்துவிடுகிறது. அப்போது (1,1) வகுபடாததால் `S` ஒன்று கூடுகிறது, `J` கூடாமலே நான்காம் பெட்டிக்குத் திரும்புகிறது, மீண்டும் அதே (1,1). `S` மட்டும் 1, 2, 3 என்று வளர்ந்துகொண்டே போக, அச்சிடும் பெட்டிக்குப் பாய்வு வருவதே இல்லை. `S` மாறிக்கொண்டிருப்பதைப் பார்த்து, படம் முன்னேறுகிறது என்று சிலர் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டே போவதைக் கண்டிருக்கிறேன். எந்த மாறி வளர்கிறது என்பதைவிட, தீர்மானப் பெட்டிகள் எந்த மாறிகளைக் கேட்கின்றன என்பதைப் பார்க்க வேண்டும். இந்தப் படத்தின் மூன்று சாய்சதுரங்களும் `I`, `J` இரண்டை மட்டுமே கேட்கின்றன. ஆகவே ஒரே பெட்டிக்கு அதே `I`, அதே `J` மதிப்புகளுடன் பாய்வு இரண்டாம் முறை வந்துவிட்டால், அது என்றைக்கும் முடியாது என்று அந்த இடத்திலேயே உறுதியாகச் சொல்லலாம். சாய்சதுரங்களில் ஒன்று `S`-ஐயும் கேட்குமானால் இந்த முடிவு செல்லாது. `S`-உம் அதே மதிப்பாக இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.

ஆம், இல்லை என்ற சொற்களின் இடத்தையும் நம்பக் கூடாது. பாய்வுப்படக் குறியீடுகளை வரையறுக்கும் ஐஎஸ்ஓ 5807 என்ற 1985-ஆம் ஆண்டின் தரநிலை, தீர்மானப் பெட்டியிலிருந்து வெளியேறும் ஒவ்வொரு கோட்டின் அருகிலும் அதற்குரிய நிபந்தனை மதிப்பைக் குறிக்க வேண்டும் என்கிறது. ஒரே பக்கத்தில் இருக்கும் இரண்டு சாய்சதுரங்களில் ஒன்றின் கீழ்நோக்கிய கோடு ஆம் என்றும், மற்றதன் கீழ்நோக்கிய கோடு இல்லை என்றும் இருப்பது சாதாரணம். ஆகவே கோட்டின் திசையை விட்டுவிட்டு, அதன் அருகில் எழுதியிருப்பதை ஒவ்வொரு முறையும் படிக்க வேண்டும்.

படத்தை வரைந்தவரே அதைச் சோதிக்கும்போது எந்த எல்லையைத் தேர்ந்தெடுக்கிறார் என்பதும் முக்கியம். வேலை குறையட்டும் என்று இரண்டாம் பெட்டியின் 4-ஐ 1 ஆக மாற்றித் தடமறிந்தால், முதல் மூன்று வடிவங்களும் 1, 2, 2 என்ற ஒரே வெளியீட்டைத் தருகின்றன. மூன்றுக்கும் இடையே எந்த வேறுபாடும் தெரியாது. எல்லையை 2 ஆக்கினால் முதல் வடிவம் 3, 3, 3 என்று பிரிந்து நிற்கிறது. மற்ற இரண்டிலும் `S` 2 ஆகவே இருக்க, `J` மட்டும் ஒன்றில் 3 என்றும் மற்றதில் 1 என்றும் வருகிறது. எல்லை 3 ஆகும்போதுதான் `S` மட்டுமே 8, 5, 7 என மூன்றையும் பிரித்துக் காட்டத் தொடங்குகிறது. எனவே சரிபார்ப்புக்கு வரும் படங்களில், உள்மடக்கு குறைந்தது ஒருமுறையேனும் தன் தொடக்க மதிப்புக்குத் திரும்பி, தீர்மானப் பெட்டியின் இரண்டு கிளைகளும் ஒரே வெளிச்சுற்றுக்குள் நடக்கும் அளவுக்கு எல்லையை வைத்துத்தான் நான் தடமறியத் தொடங்குகிறேன்.